பத்து வருட வாரண்டியில் எது இலவசம்?

ஃபிரிட்ஜுக்குள் விளக்கு எரிகிறது. ஆனால் ஃப்ரீசரில் வைத்த ஐஸ் தட்டு தண்ணீராகிவிட்டது, பால் திரிந்துவிட்டது. மே மாத வெயிலில் பல வீடுகளில் இது நடக்கும். நாம் எடுத்துக்கொள்ளும் வீட்டில், 2022 தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, அக்டோபர் 20 அன்று, இரண்டு கதவு ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கினார்கள். கதவில் பெரிய எழுத்தில் ‘10 வருட வாரண்டி’ என்ற ஸ்டிக்கர் இருந்தது. 2025 மே மாதம் அது குளிராமல் போனது. கம்பெனிக்குப் போன் செய்தார்கள், டெக்னீஷியன் வந்து பார்த்தார்.

“மேடம், கம்ப்ரசர் போயிடுச்சு. அது வாரண்டியில வந்துடும். ஆனா கேஸ், ஃபில்டர், லேபர் எல்லாம் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம் ஆகும்.”

“பத்து வருஷ வாரண்டின்னுதானே தம்பி சொன்னாங்க?”

இந்தக் கேள்விக்கான பதில் அந்த வீட்டு அலமாரியில் இருக்கும் வாரண்டி கார்டில் அச்சிடப்பட்டிருக்கிறது. சிறிய எழுத்துதான், ஆனால் படிக்க முடியாததல்ல. கார்டில் உள்ள எல்லா வரிகளும் மூன்று கேள்விகளுக்குத்தான் பதில் சொல்கின்றன. எந்தப் பாகம் கெட்டது? எதனால் கெட்டது? எந்தச் செலவைக் கம்பெனி ஏற்கும்? எத்தனை வருடம் என்பது இந்த மூன்றுக்கும் பிறகு வரும் கேள்வி. வீட்டில் இருப்பவர்கள் வருடத்தை மட்டும் நினைவில் வைத்திருப்பதால்தான் டெக்னீஷியன் சொல்லும் தொகை அதிர்ச்சியாக இருக்கிறது.

ஒரே கார்டில் இரண்டு வாரண்டி

இந்தியாவில் விற்கும் வீட்டு ஃபிரிட்ஜ்களின் கார்டில் பெரும்பாலும் இரண்டு காலங்கள் இருக்கும். முதலாவது, முழு ஃபிரிட்ஜுக்குமான ஒரு வருடம். இரண்டாவது, கம்ப்ரசருக்கு மட்டுமான நீண்ட காலம். அது பத்து வருடமாக இருக்கலாம், சில மாடல்களில் அதைவிட அதிகமாகவும் இருக்கலாம். ஸ்டிக்கரில் பெரிதாகத் தெரிவது இந்த இரண்டாவது எண்.

முதல் வருடத்தில் உற்பத்திக் குறையால் எது கெட்டாலும் பாகம், கூலி, கேஸ் எல்லாம் பொதுவாகக் கம்பெனியின் பொறுப்பு. கார்டே விலக்கி வைத்திருக்கும் சில பாகங்கள் மட்டும் இதில் சேராது. ஒரு வருடம் முடிந்த மறுநாளிலிருந்து நிலைமை மாறுகிறது. மின்விசிறி மோட்டார், தெர்மோஸ்டாட், சென்சார், போர்டு, குளிர்க் குழாய் ஆகியவை எல்லாம் வாரண்டிக்கு வெளியே போய்விடும். உள்ளே மிஞ்சுவது கம்ப்ரசர் மட்டும். சில கார்டுகள் இன்வெர்ட்டர் போர்டுக்கோ மின்விசிறி மோட்டாருக்கோ தனிக் காலம் தருவதுண்டு. அப்படித் தந்திருந்தால் அந்தப் பாகத்தின் பெயர் கார்டில் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். பெயர் இல்லாத பாகத்துக்கு நீண்ட கால வாரண்டி இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

காலத்தை எண்ணத் தொடங்கும் நாள் பில்லில் உள்ள தேதி. ஃபிரிட்ஜ் வீட்டுக்கு வந்த நாளோ, சுவிட்ச் போட்ட நாளோ பொதுவாகக் கணக்கில் வராது. நம் எடுத்துக்காட்டு வீட்டில் முழு வாரண்டி 2023 அக்டோபர் 19 அன்று முடிந்துவிட்டது. கம்ப்ரசர் வாரண்டி மொத்தம் பத்து வருடம் என்றால் 2032 அக்டோபர் 19 வரை இருக்கும். ‘1 + 9’ என்று போட்டிருந்தாலும் இதே கணக்குதான். ‘1 + 10’ என்று இருந்தால் கூடுதலாக ஒரு வருடம் கிடைக்கும். இந்தக் கூட்டல் குறியைக் கடையில் பில் போடும்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

வாரண்டியில் ஒரு பாகத்தை மாற்றினால் புதிய பாகத்துக்கு மறுபடியும் முதலிலிருந்து வாரண்டி தொடங்காது. பழையதற்கு எவ்வளவு காலம் மீதம் இருந்ததோ அதுதான் புதியதற்கும் என்பது பெரும்பாலான கார்டுகளில் உள்ள வரி. 2025இல் கம்ப்ரசரை மாற்றினாலும் இந்த வீட்டுக்கு 2032 வரைதான் பாதுகாப்பு.

கம்ப்ரசர் என்பது எதுவரை?

ஃபிரிட்ஜின் பின்பக்கம், கீழே, கறுப்பு நிறத்தில் பானை போல இருக்கும் மோட்டார்தான் கம்ப்ரசர். அது கேஸை அழுத்தித் தள்ளும். அழுத்தப்பட்ட கேஸ் சூடாகி, பக்கச் சுவர்களுக்குள் ஓடும் குழாய்களில் சூட்டை வெளியே விட்டுத் திரவமாகும். பிறகு ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் சிறு ஃபில்டர் வழியாகவும், மிக மெல்லிய ஒரு குழாய் வழியாகவும் போய், ஃப்ரீசருக்குள் இருக்கும் குளிர்க் குழாயில் விரிந்து குளிரைத் தந்துவிட்டு மீண்டும் கம்ப்ரசருக்குத் திரும்பும். இது மூடி அடைக்கப்பட்ட ஒரு சுற்று.

நீண்ட கால வாரண்டி இந்தச் சுற்று முழுவதற்கும் கிடையாது, அந்த மோட்டாருக்கு மட்டும்தான். அதைக் கழற்ற வேண்டுமானால் சுற்றைத் திறந்தாக வேண்டும். திறந்தால் உள்ளிருக்கும் கேஸ் போய்விடும். புதிய கம்ப்ரசரைப் பற்றவைத்து, ஃபில்டரை மாற்றி, காற்றை உறிஞ்சி வெளியேற்றி, கேஸை மறுபடி ஏற்ற வேண்டும. இத்தனை வேலைக்கும் ஆகும் செலவு ஒரு வருடத்துக்குப் பிறகு யாருடையது என்பதைக் கார்டில் ஒரே ஒரு வரி சொல்லும். ‘கம்ப்ரசர் பாகத்துக்கு மட்டும் வாரண்டி. கேஸ், கூலி, போக்குவரத்து, பிற பாகங்களுக்கு வாடிக்கையாளர் கட்டணம் செலுத்த வேண்டும்’ என்ற பொருளில் அது இருக்கும். கார்டில் முதலில் தேட வேண்டிய வரி இது. சில கம்பெனிகள் கேஸ் செலவையும் தாங்களே ஏற்பதாக எழுதியிருக்கும். அப்படி எழுதியிருந்தால் டெக்னீஷியனிடம் அந்த வரியைக் காட்டிப் பேசலாம்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபிரிட்ஜ் குளிராததற்குக் கம்ப்ரசர்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வீட்டில் இருப்பவர்களே கவனிக்கக்கூடிய சில அடையாளங்கள் உண்டு.

ஃப்ரீசரில் ஐஸ் உறைகிறது, கீழ் அறை மட்டும் குளிரவில்லை என்றால் கம்ப்ரசர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். ஐஸ் படியாத ரக ஃபிரிட்ஜ்களில் ஃப்ரீசரின் குளிரை ஒரு சிறு மின்விசிறிதான் கீழே தள்ளுகிறது. அந்த மின்விசிறி நின்றாலோ, குளிர்க் குழாயில் படியும் பனியை அவ்வப்போது உருக்கும் ஹீட்டரோ அதன் சென்சாரோ கெட்டுப் பனி அடைத்துக்கொண்டாலோ, கீழே குளிர் வராது. இவை எல்லாம் ஒரு வருட வாரண்டிக்குள் அடங்கும் பாகங்கள். மூன்றாவது வருடத்தில் கெட்டால் ‘பத்து வருட வாரண்டி’ இவற்றுக்கு உதவாது.

கம்ப்ரசர் ஓடும் சத்தம் இடைவிடாமல் கேட்கிறது, ஆனால் ஃப்ரீசரும் குளிரவில்லை, ஃபிரிட்ஜின் பக்கச் சுவர்களும் சூடாகவில்லை என்றால் கேஸ் போயிருக்கலாம், அல்லது கம்ப்ரசர் அழுத்தும் திறனை இழந்திருக்கலாம். இரண்டில் எது என்பதைக் கருவி வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வாரண்டியைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு மிகப் பெரியது. கம்ப்ரசர் என்றால் பாகம் இலவசம். குழாயில் ஓட்டை விழுந்து கேஸ் கசிந்தது என்றால், ஒரு வருடத்துக்குப் பிறகு முழுச் செலவும் நம்முடையது.

கேஸ் தானாகக் குறையாது. மூடிய சுற்றில் இருப்பதால் வருடக்கணக்கில் ஓடினாலும் அது அப்படியே இருக்க வேண்டும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது. எந்த இடத்தில் கசிகிறது என்று கண்டுபிடித்து அடைக்காமல் கேஸை மட்டும் ஏற்றிவிட்டுப் போனால், சில வாரங்களிலோ மாதங்களிலோ மறுபடியும் அதே நிலைதான். ஆகவே “கேஸ் இல்லை” என்று சொன்னால், கசிவு எங்கே என்று கேட்டு அதை எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

வாரண்டி பொருந்தாத இடங்கள்

கார்டின் நீளமான பகுதி விலக்குகளின் பட்டியல்தான். அதில் இரண்டு வகை கலந்து கிடக்கும். பாகத்தைச் சொல்லும் விலக்கு ஒரு வகை, காரணத்தைச் சொல்லும் விலக்கு இன்னொரு வகை. பிரித்துப் படித்தால் எளிதில் புரியும்.

பாக விலக்குகளில் கண்ணாடித் தட்டு, பிளாஸ்டிக் பெட்டிகள், கைப்பிடி, விளக்கு, கதவு ரப்பர் போன்றவை வரும். இவை பல கார்டுகளில் முதல் வருடத்திலேயே சேராது. உடைந்த நிலையில் வீட்டுக்கு வந்து சேர்ந்தால் அது வேறு விஷயம். டெலிவரி அன்றே பெட்டியைப் பிரித்துப் பார்த்து, படம் எடுத்து, கடைக்குத் தெரிவிக்க வேண்டும். காய்கறிப் பெட்டி விரிசல் விட்டதை இரண்டு மாதம் கழித்துச் சொன்னால் வாரண்டியில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

காரண விலக்குகள்தான் சண்டைக்கு இடம் கொடுப்பவை. மின்னழுத்த ஏற்ற இறக்கம், எலி கடித்தது, துரு, வீடு மாற்றும்போது அடிபட்டது, வெளி மெக்கானிக் கை வைத்தது, கடையில் பயன்படுத்தியது, சீரியல் எண் அழிந்தது ஆகியவை பெரும்பாலான கார்டுகளில் இருக்கும்.

இவற்றில் அதிகம் சொல்லப்படுவது வோல்டேஜ். “ஸ்டெபிலைசர் தேவையில்லை” என்று சொல்லி விற்கும் ஃபிரிட்ஜ்களில், எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை ஸ்டெபிலைசர் இல்லாமல் ஓடும் என்ற வரம்பு கையேட்டிலோ விளம்பரத்திலோ அச்சிடப்பட்டிருக்கும். அந்த வரம்புக்குள் நடந்த கோளாறுக்கு வோல்டேஜைக் காரணம் காட்டி மறுப்பது சரியல்ல. டெக்னீஷியன் “ஹை வோல்டேஜ்ல போர்டு எரிஞ்சிடுச்சு” என்றால், இப்போது பிளக்கில் எவ்வளவு வோல்டேஜ் இருக்கிறது, எந்தப் பாகத்தில் எரிந்த தடயம் இருக்கிறது என்பதை எழுதச் சொல்லுங்கள். கெட்ட பாகத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எலி கடித்த வயர் பார்த்தாலே தெரியும். அதில் வாதாட இடமில்லை. ஃபிரிட்ஜின் பின்பக்கம் சூடாக இருப்பதால் எலி அங்கே ஒதுங்கும். ஃபிரிட்ஜைச் சுவரை ஒட்டித் தள்ளிவிட்டுப் பல மாதம் பின்னால் பார்க்காமலே இருப்பது இந்த விலக்குக்கு வழி விடுகிறது.

ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் உள்ளவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஃப்ரீசரில் கட்டியாகப் படிந்த ஐஸைக் கத்தியால் கொத்தி எடுக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்த அலுமினியத் தகட்டுக்குள்தான் குளிர்க் குழாய் ஓடுகிறது. கத்தி முனை பட்டால் ஓட்டை விழும், கேஸ் போகும். வாடிக்கையாளரால் நேர்ந்த சேதம் என்று எழுதுவார்கள், அது முதல் வருடத்திலும் வாரண்டியில் வராது.

வீட்டு வாசலில் சிறு கடை வைத்து, வீட்டு ஃபிரிட்ஜிலேயே பால் பாக்கெட், தயிர், குளிர்பானம் வைத்து விற்பவர்கள் ‘வணிகப் பயன்பாடு’ என்ற வரியைக் கவனிக்க வேண்டும். சில கார்டுகள் அதற்கு வாரண்டியே இல்லை என்கும், சில காலத்தைக் குறைக்கும். கடைக்காக வாங்குகிறோம் என்றால் வாங்கும்போதே அதைச் சொல்லி, என்ன வாரண்டி கிடைக்கும் என்று எழுதி வாங்க வேண்டும்.

கெட்டுப்போன உணவுக்கோ, குளிரில் வைத்திருந்த மருந்துக்கோ நஷ்டஈடு கிடையாது என்ற வரியும் வழக்கமாக இருக்கும். இன்சுலின் வைத்திருக்கும் வீடுகளில் ஃபிரிட்ஜ் நின்றவுடன் முதல் வேலை, அதை வேறொரு ஃபிரிட்ஜுக்கு மாற்றுவதுதான்.

போன் செய்வதற்கு முன்

வாரண்டி காலம் முடிந்தபின் டெக்னீஷியன் வந்து பார்ப்பதற்கே கட்டணம் உண்டு. ஆகவே முதலில் சில எளிய சோதனைகள். அதே பிளக்கில் வேறொரு சாதனத்தைப் போட்டுப் பாருங்கள். குளிரின் அளவை யாராவது மாற்றிவிட்டார்களா, கதவு முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள். டிஸ்ப்ளே உள்ள சில மாடல்களில், ஷோரூமில் காட்சிக்கு வைப்பதற்கான டெமோ மோட் உண்டு. பட்டன்களை ஒன்றாக அழுத்தினால் தவறுதலாக அது இயங்கத் தொடங்கிவிடும். விளக்கு எரியும், ஆனால் குளிராது. அதை நிறுத்தும் வழி கையேட்டில் இருக்கும். டிஸ்ப்ளேயில் ஏதாவது எழுத்தோ எண்ணோ மின்னினால், பிளக்கைப் பிடுங்குவதற்கு முன் அதைப் படம் எடுத்துவிடுங்கள். பிடுங்கினால் அது மறைந்துவிடலாம்.

தெருமுனை மெக்கானிக் திறமையானவராக இருக்கலாம். ஆனால் வாரண்டி மீதமுள்ள ஃபிரிட்ஜில் அவர் குழாயை வெட்டிவிட்டால் கம்ப்ரசர் வாரண்டியும் அதோடு போய்விடும். புதிய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஆர்-600ஏ என்ற ஐசோபியூட்டேன் கேஸ். அது எளிதில் தீப்பற்றக்கூடியது. சுற்றில் இருப்பது சில பத்து கிராம் மட்டுமே என்றாலும், அதைத் திறந்து பற்றவைப்பது அந்த வேலையைக் கற்றவர் செய்ய வேண்டியது. எந்தக் கேஸ் என்பது பின்பக்கமோ உட்சுவரிலோ உள்ள ஸ்டிக்கரில் இருக்கும்.

மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் அதே ஸ்டிக்கரில்தான் இருக்கும். அதைப் பில்லில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். கடைக்காரர் வேறு பெட்டியின் எண்ணைப் பில்லில் எழுதிவிட்டால், வாரண்டி கேட்கும்போது அது தலைவலியாகும். பில் வழுவழுப்பான வெப்பத் தாளில் அச்சானது என்றால் இரண்டு மூன்று வருடத்தில் எழுத்து மங்கிப்போகும். வாங்கிய அன்றே படம் எடுத்து, மின்னஞ்சலில் தனக்குத் தானே அனுப்பி வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

போன் எண்ணை வாரண்டி கார்டிலிருந்தோ, கம்பெனியின் சொந்த ஆப்பிலிருந்தோ எடுக்க வேண்டும். இணையத்தில் ‘கஸ்டமர் கேர்’ என்று தேடினால் மோசடிக்காரர்களின் எண்களும் கலந்து வருகின்றன. முன்பணம் கேட்பவர், போனில் ஏதாவது ஆப்பை இறக்கச் சொல்பவர் என்றால் உடனே இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

புகார் பதிவானதும் எஸ்எம்எஸ்ஸில் ஒரு புகார் எண் வரும். அந்த எண்ணும் தேதியும்தான் உங்கள் சான்று. வாரண்டி முடிய மூன்று நாள் இருக்கும்போது புகார் பதிவு செய்து, டெக்னீஷியன் பத்து நாள் கழித்து வந்தாலும், குறையைச் சொன்ன நாள் வாரண்டிக்குள் இருந்தது என்பதை அந்த எண் காட்டும்.

ஜாப் ஷீட்டில் என்ன எழுதுகிறார்?

வாரண்டி கிடைக்குமா கிடைக்காதா என்பது நடைமுறையில் முடிவாவது டெக்னீஷியன் எழுதும் ஜாப் ஷீட்டில்தான். இப்போது பல கம்பெனிகளில் அது தாளில் இல்லாமல் அவருடைய போனில் இருக்கிறது. எதுவாக இருந்தாலும் அதன் நகலை வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும். நீங்கள் சொன்ன குறை, அவர் கண்டுபிடித்த காரணம், மாற்ற வேண்டிய பாகம், அது வாரண்டியில் வருமா வராதா என்ற குறிப்பு.

அவர் வாயால் “கம்ப்ரசர்” என்று சொல்லி ஷீட்டில் “கேஸ் லீக்” என்று எழுதினால் பணம் கட்டப் போவது நீங்கள்தான். அதனால் கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். “தம்பி, என்ன சோதிச்சுப் பார்த்தீங்கன்னு அதையும் எழுதிடுங்க” என்று பண்போடு கேட்டாலே பெரும்பாலும் எழுதுவார்கள்.

வேலை முடிந்ததும் ‘ஹேப்பி கோட்’ என்றோ ஓடிபி என்றோ ஒரு எண் உங்கள் போனுக்கு வரும். அதைச் சொன்னால் புகார் தீர்ந்ததாகப் பதிவாகிவிடும். பாகம் வர வேண்டும், நாளை வருகிறேன் என்று சொல்பவரிடம் அந்த எண்ணைத் தரத் தேவையில்லை. ஃபிரிட்ஜை ஓடவிட்டு, குளிர்வதைப் பார்த்தபிறகே தாருங்கள்.

அந்த வீட்டுப் பில்

இனி நம் எடுத்துக்காட்டு வீட்டுக்கு வருவோம். டெக்னீஷியன் கொடுத்த மதிப்பீடு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்ப்ரசர் 0 ரூபாய். கேஸ் ஏற்றுதலும் ஃபில்டரும் 2,600 ரூபாய். கூலி 1,000 ரூபாய். கூட்டினால் 3,600 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 648 ரூபாய். மொத்தம் 4,248 ரூபாய். தொகைகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கணக்கு போகும் வழி இதுதான்.

கார்டை எடுத்து வைத்து மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்ப்போம். எந்தப் பாகம்? கம்ப்ரசர். ஜாப் ஷீட்டிலும் அப்படியே இருக்கிறது. காலம் 2032 வரை உண்டு. எதனால்? விலக்குக் காரணம் எதுவும் எழுதப்படவில்லை. ஆகவே பாகம் இலவசம் என்பது சரி. எந்தச் செலவு? ‘பாகத்துக்கு மட்டும்’ என்று கார்டில் இருந்தால் 4,248 ரூபாய் கேட்பதில் முறைகேடு இல்லை. ‘கேஸ் உட்பட’ என்று இருந்தால், ஃபில்டரும் கூலியும் எவ்வளவு என்று தனியாகப் பிரித்துக் கேட்டு, கேஸுக்கான தொகையை நீக்கச் சொல்ல வேண்டும்.

இதே ஃபிரிட்ஜில் இன்வெர்ட்டர் போர்டு கெட்டிருந்தால் என்னவாகும்? கம்ப்ரசர் ஓடாது, அறிகுறியும் ஏறத்தாழ ஒன்றேதான். ஆனால் போர்டுக்கு நீண்ட கால வாரண்டி கார்டில் இல்லையென்றால் பாகத்தின் விலையையும் சேர்த்துக் கட்ட வேண்டும். இதுவே 2023 அக்டோபர் 19க்கு முன் நடந்திருந்தால், இரண்டில் எது கெட்டிருந்தாலும் ஒரு ரூபாய் செலவில்லை.

பணம் கட்டும்போது ஜிஎஸ்டி எண் உள்ள பில் வாங்குங்கள். புதிய கம்ப்ரசரின் சீரியல் எண்ணை அதிலோ ஜாப் ஷீட்டிலோ எழுதச் சொல்லுங்கள். காசு கொடுத்துச் செய்த கேஸ் வேலைக்கு எத்தனை நாள் உத்தரவாதம் என்பதையும் எழுதி வாங்குங்கள். ஒரு மாதத்தில் மறுபடியும் குளிராமல் போனால் அந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றும்.

மறுத்துவிட்டால்

கார்டின்படி கிடைக்க வேண்டியதைக் கம்பெனி மறுத்தால், மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கார்டில் உள்ள மின்னஞ்சல் முகவரிக்குப் புகார் எண், பில், ஜாப் ஷீட், கார்டின் அந்தக் குறிப்பிட்ட வரியின் படம் ஆகியவற்றை இணைத்து, என்ன வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதி அனுப்புங்கள். ‘கம்ப்ரசரை வாரண்டியில் மாற்றித் தர வேண்டும், 15 நாளுக்குள் பதில் தேவை’ என்று இரண்டு வரி போதும்.

அதற்குப் பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். consumerhelpline.gov.in தளத்திலும் பதியலாம். அவர்கள் புகாரைக் கம்பெனியின் பொறுப்பாளருக்கு அனுப்பிப் பதில் வாங்குவார்கள். அவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை. ஆனால் சர்வீஸ் சென்டர் அளவில் முடங்கிக் கிடந்த புகார் இதன் மூலம் நகர வாய்ப்புண்டு.

உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போக வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கார்டின் அடியில் ‘டெல்லி நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதிடலாம். e-jagriti.gov.in தளத்தின் வழியாக வீட்டிலிருந்தும் மனு தாக்கல் செய்யலாம். குறையை நீக்கவும், ஃபிரிட்ஜை மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும், நஷ்டஈடு தரவும் ஆணையம் உத்தரவிட முடியும். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். கம்பெனியோடு மின்னஞ்சல் பரிமாறிக்கொண்டே இருப்பதால் அந்தக் காலம் நீளாது.

ஆணையத்திலும் பார்க்கப்போவது இதே தாள்களைத்தான். பில், கார்டு, புகார் எண்கள், ஜாப் ஷீட். ஒரே குறை மூன்று முறை வந்து மூன்று முறையும் சரிசெய்யப்பட்டது என்பதற்குத் தேதியோடு சான்று இருந்தால், உற்பத்திக் குறை என்ற வாதம் வலுப்பெறும். வாய்வார்த்தையாகப் பேசி முடித்த வருகைகளுக்குச் சான்று இருக்காது.

பதினோராவது மாதம்

கார்டை முழுக்கப் படித்தவருக்கு ஒன்று தெளிவாகத் தெரியும். அதில் மதிப்பு மிகுந்த பகுதி கதவில் ஒட்டிய பத்து வருடம் அல்ல, எல்லாப் பாகமும் எல்லாச் செலவும் அடங்கும் அந்த முதல் ஒரு வருடம். ஆகவே பில் தேதியிலிருந்து பதினோராவது மாதத்தில் ஒருநாள் ஃபிரிட்ஜை நன்றாகச் சோதித்துப் பாருங்கள். கீழ் அறை முன்போலக் குளிர்கிறதா? ஃப்ரீசரின் பின்சுவரில் பனி திட்டாகப் படிகிறதா? கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறதா? மின்விசிறியில் உரசும் சத்தம் வருகிறதா? தண்ணீர் கசிகிறதா? கதவு இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், தடையில்லாமல் வந்தால் ரப்பர் சரியாகப் பிடிக்கவில்லை.

“கொஞ்சம்தானே, பார்த்துக்கலாம்” என்று விடக்கூடிய குறைதான் பதின்மூன்றாவது மாதத்தில் பில்லாக வருகிறது. ஒன்று தென்பட்டாலும் அன்றே புகார் பதியுங்கள். கூடுதல் பணம் கட்டி நீட்டித்த வாரண்டி வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் இந்தச் சோதனையை முடித்துவிட்டு யோசிக்கலாம். அது தனி ஒப்பந்தம், அதைத் தருபவர் கடைக்காரராகவோ வேறு நிறுவனமாகவோ இருக்கலாம். அதன் தாளிலும் இதே மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடிவிட்டுப் பணம் கட்டுங்கள்.